துவைச்ச ஜெர்ஸியில் மறுபடியும் வியர்வை நாற்றமா? பாலியஸ்டர் துணி செய்யும் வேலை இதுதான்!

சனிக்கிழமை துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்த ஜெர்ஸி. ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து மோந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வருகிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கிரவுண்டில் 10 நிமிஷம் ஓடினால் போதும், பழைய வியர்வை நாற்றம் அப்படியே திரும்பி வந்து நிற்கும். பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி தள்ளி நிற்பார். "குளிச்சிட்டுத்தானே வந்தேன்" என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் வேண்டாம். அந்த நாற்றம் இன்றைய வியர்வையில் இருந்து வந்தது இல்லை. போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் துணியில் தங்கிப்போனது. அதே அலமாரியில் இருக்கும் காட்டன் டி-ஷர்ட் இப்படிச் செய்வதில்லை. பாலியஸ்டர் மட்டும் ஏன் இப்படி?

ஊறுகாய் டப்பாவை நினைத்துப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் துணிகளில் இருக்கும் பாலியஸ்டரும், தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கும் ஒரே பொருள்தான். பெட் எனப்படும் அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிய நூலாக இழுத்தால் பாலியஸ்டர் நூல். ஆக, நாம் உடம்பில் போட்டிருப்பது ஒரு வகையில் பிளாஸ்டிக்.

வீட்டில் ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவையும் எவர்சில்வர் டப்பாவையும் ஒரே சோப்பில் கழுவிப் பாருங்கள். எவர்சில்வர் ஒரே கழுவலில் சுத்தமாகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவோ தொட்டால் வழுவழுவென்று இருக்கும், மூடியைத் திறந்தால் ஊறுகாய் மணக்கும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். பிடித்த எண்ணெயை லேசில் விடாது. ஜெர்ஸியிலும் இதேதான் நடக்கிறது.

சாதாரண அறை நிலையில் காட்டன் நூல் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பாலியஸ்டரில் இது 0.4 சதவீதம்தான். அதனால்தான் பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது. வியர்வைத் தண்ணீர் நூலுக்குள் போகாமல் நூல்களின் இடுக்கு வழியாகப் பரவி ஆவியாகிவிடும். விளையாடுபவர்களுக்கு இது வசதிதான். ஆனால் உடம்பில் இருந்து வருவது வெறும் தண்ணீர் மட்டும் இல்லையே! தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்துதான் வருகிறது. தண்ணீர் பறந்துபோகும், எண்ணெய் நூலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நாற்றத்தை உண்டாக்குவது யார்?

புதிதாக வரும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. வியர்வையிலும் தோல் எண்ணெயிலும் இருப்பதைப் பாக்டீரியாக்கள் தின்று, நாற்றமடிக்கும் சிறு அமிலங்களாக உடைக்கின்றன. ஐசோவலெரிக் அமிலம் அதில் ஒன்று. பழைய சாக்ஸில் வருமே, அந்த வாடைதான். இந்த 'அமிலம்' என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 26 பேர் காட்டன், பாலியஸ்டர், இரண்டும் கலந்த டி-ஷர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு ஜிம் சைக்கிளில் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். அந்தத் துணிகளை 28 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு பயிற்சி பெற்ற ஒரு குழுவிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். (அந்தக் குழுவின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) பாலியஸ்டர் துணிகளில்தான் நாற்றம் அதிகம் என்று முடிவு வந்தது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியிருந்ததும் தெரியவந்தது.

அந்த 28 மணி நேரத்தைக் கவனியுங்கள். சாயங்காலம் ஜிம் முடித்து, ஈர டி-ஷர்ட்டைச் சுருட்டி பையில் போட்டு ஜிப்பை மூடி, மறுநாள் இரவு வரை மறந்துவிடுகிறோமே, நாமும் வீட்டில் அதே சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

துவைத்தும் போகாதது ஏன்?

குளிர்ந்த தண்ணீரில், 15 நிமிட 'குயிக் வாஷ்' ஓட்டினால் மண்ணும் உப்பும் போகும். நூலில் ஒட்டிய எண்ணெயில் ஒரு பகுதி அப்படியே இருக்கும். நாற்ற அமிலங்கள் அந்த எண்ணெய்க்குள்தான் பதுங்கியிருக்கின்றன. துணி காய்ந்து குளிர்ந்திருக்கும்போது அவை வெளியே வராது. உடம்புச் சூடும் புது வியர்வையின் ஈரமும் பட்டதும் கிளம்பிவிடும். 10 நிமிஷக் கதையின் ரகசியம் இதுதான்.

அதனால் காய்ந்த துணியை மோந்து பார்த்து 'சுத்தம்' என்று முடிவு செய்யாதீர்கள். துணியின் உள்பக்கத்தைத் திருப்பி, அக்குள் பகுதியில் மட்டும் கொஞ்சம் வெந்நீர் தெளித்து, கையால் கசக்கி மோந்து பாருங்கள். நாற்றம் வந்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே நாம் செய்யும் இரண்டு காரியங்கள் நிலைமையை மோசமாக்கும். முதலாவது, நாறுகிறதே என்று டிடர்ஜென்ட்டை இரண்டு மடங்கு கொட்டுவது. அலசலில் போகாத சோப்பும் துணியிலேயே படிந்து, அழுக்கைப் பிடித்து வைக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாக அலசிப் போகாது என்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இரண்டாவது, வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர். துணியை மெத்தென்று ஆக்குவதற்காக அது நூலின் மேல் ஒரு வழுவழுப்பான படலத்தைப் பூசுகிறது. அடியில் எண்ணெய், மேலே கண்டிஷனர். அடுத்த முறை தண்ணீரும் சோப்பும் உள்ளே போவதே கஷ்டம். வியர்வையை இழுத்து ஆற்றும் குணமும் குறைந்துவிடும். ஸ்போர்ட்ஸ் துணிகளுக்குக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம்.

வினிகரா, ஆப்ப சோடாவா?

ரீல்ஸ்களில் அதிகம் சொல்லப்படுவது வினிகர். ஆனால் நாற்றமே அமிலம் என்னும்போது, இன்னொரு அமிலமான வினிகரை ஊற்றி என்ன ஆகப்போகிறது? உப்புத் தண்ணீர் படிவையும் சோப்புப் படிவையும் கரைக்க வினிகர் கொஞ்சம் உதவும். தோல் எண்ணெயை அது எடுக்காது.

அமிலத்துக்கு எதிரான காரம்தான் இங்கே வேலை செய்யும். காரம் பட்டதும் அந்த அமிலங்கள் உப்பாக மாறும். உப்பாகிவிட்டால் காற்றில் கிளம்பாது, தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆப்ப சோடா ஒரு மென்மையான காரம், லேசான வாடைக்குப் போதும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்க வைப்பது மட்டும் வீண் வேலை. ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் துணிக்கு எதுவும் மிஞ்சாது.

பல மாத நாற்றத்துக்குச் சோடியம் பெர்கார்பனேட் நல்லது. கடைகளில் 'ஆக்ஸிஜன் ப்ளீச்' அல்லது கறை நீக்கும் பவுடர் என்று விற்பதில் பலவற்றில் இதுதான் இருக்கிறது, பாக்கெட்டின் பின்னால் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டதும் இது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். ஒன்று காரம், இன்னொன்று நாற்றப் பொருட்களை உடைத்துப் பாக்டீரியாவையும் குறைக்கும்.

என் கிரிக்கெட் ஜெர்ஸியில் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். இரண்டு சீசன் போட்ட நீல ஜெர்ஸி, முதுகில் பெயர் பிரின்ட் செய்தது. முதலில் லேபிளைப் பார்த்தேன், 40 டிகிரி வரை துவைக்கலாம் என்று இருந்தது. பக்கெட்டில் 5 லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் 1 லிட்டர் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் நம்ம ஊர் வெப்பத்துக்கு 40 டிகிரியை ஒட்டி வந்துவிடும். தெர்மாமீட்டர் தேவையில்லை, கை வைத்தால் இதமான சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பெரிய கரண்டி பெர்கார்பனேட்டும் ஒரு சின்ன ஸ்பூன் டிடர்ஜென்ட்டும் முழுசாகக் கரைத்தேன். துணியின் ஓர் ஓரத்தை மட்டும் முதலில் நனைத்து, 10 நிமிஷம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். சாயம் போகவில்லை. பிறகு ஜெர்ஸியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முக்கி வைத்தேன். உள்பக்கம்தானே உடம்பில் படுகிறது, பிரின்ட்டும் பாதுகாப்பாக இருக்கும்.

ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் வெளிர் பழுப்பாக மாறியிருந்தது. 'சுத்தமான' ஜெர்ஸியில் இருந்து! அக்குள் பகுதியை மட்டும் கையால் கசக்கிவிட்டு மெஷினில் போட்டு, கூடுதலாக ஒரு அலசல் வைத்தேன். காய்ந்த பிறகு வெந்நீர் சோதனை செய்ததில் வாடை பாதிக்கு மேல் போயிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு முறை ஊறவைத்ததும் மீதியும் போனது. மூன்று முறை செய்தும் போகவில்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடலாம், எண்ணெய் நூலுக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. தரை கழுவும் குளோரின் ப்ளீச்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இழுபடும் துணிகளில் இருக்கும் ஸ்பான்டெக்ஸை அது அரித்துவிடும். குளோரின் ப்ளீச்சும் வினிகரும் கலந்தால் நச்சு வாயு வரும், பாத்ரூமுக்குள் இது ஆபத்தான விஷயம். நாற்றம் வராமல் இருக்க வெள்ளி கலந்த துணி என்று லேபிளில் இருந்தால், ஆக்ஸிஜன் ப்ளீச் போடலாமா என்பதையும் அதே லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் போகாத துணியை அயர்ன் செய்ய வேண்டாம், சூட்டில் எண்ணெய் இன்னும் இறுகிவிடும்.

இனி வராமல் இருக்க?

விளையாடி முடித்ததும் துணியைப் பைக்குள் சுருட்டாமல், வீட்டுக்கு வந்த உடனே வெறும் தண்ணீரிலாவது அலசிக் கொடியில் போடுங்கள். முடிந்தால் அன்றே துவையுங்கள். டிடர்ஜென்ட் வாங்கும்போது, எண்ணெயை உடைக்கும் லைபேஸ் என்சைம் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பார்த்து வாங்கினால் நல்லது. ஜெர்ஸிகளை ஜீன்ஸோடும் டவலோடும் சேர்த்து மெஷினை நிரப்பாமல், தனியாகத் துவைத்தால் தண்ணீர் நன்றாகப் புகும்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியில் வரும் முக்கல் வாடை வேறு. அது மெதுவாகக் காய்வதால் வருவது, காட்டனிலும் வரும். அதற்கு ஃபேன் காற்றில் துணிகளை இடைவெளி விட்டுப் போட்டுச் சீக்கிரம் காய வைப்பதுதான் வழி. பாலியஸ்டர் ஜெர்ஸி ஒரு ராத்திரியில் ஃபேனுக்கு அடியிலேயே காய்ந்துவிடும்.