செயலரைக் கேட்டீர்களா?

ஒன்பதாம் வகுப்பில் ஊராட்சி மன்றக் கூட்டத்தை நடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாவது வார்டில் குடிநீர் மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. சரிசெய்ய 70,000 ரூபாய். இரண்டாவது வார்டுச் சாலை இருட்டாகக் கிடக்கிறது. பன்னிரண்டு விளக்குக்கு 48,000 ரூபாய். "தண்ணி இல்லாம ஒரு நாள் இருந்து பாருங்க" என்று ஒரு பக்கம் கத்தல். "ட்யூஷன் முடிஞ்சு இருட்டுல வர்ற பொண்ணுங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்று எதிர்ப்பக்கம். கால் மணி நேரம் போனது. மணியடிக்கப் போகும் நேரத்தில், ஓரத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மோட்டாருக்கு வேற பணம், விளக்குக்கு வேற பணம். ரெண்டுக்கும் சண்டையே இல்ல."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"யாரும் கேக்கலையே."

அவன் கையில் இருந்தது ஊராட்சிச் செயலர் அட்டை. அதன் கடைசி வரி: 'கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.'

பாடப்புத்தகம் ஊராட்சிக்கு 29 துறைகள் என்கிறது. 73-ஆவது சட்டத் திருத்தம், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 என்று வரிசையாகச் சொல்கிறது. பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு மன்றம் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவருக்கு வாக்கு உண்டு, அருகில் இருப்பவருக்கு இல்லை. எல்லாரும் பேசினாலும் எழுதியதுதான் நிற்கும். இந்த மூன்றையும் காட்டத்தான் நடிப்புக் கூட்டமும் பாத்திர அட்டைகளும்.

முதலில் ஆட்களைப் பிரிக்க வேண்டும். எங்கள் வகுப்பு ஊராட்சியில் ஒன்பது வார்டுகள். தலைவரை வகுப்பு முழுவதும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. வார்டு உறுப்பினரை அந்தந்த வார்டு, அதாவது அந்தந்தப் பெஞ்சு தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை மட்டும் உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியில் நடப்பதும் இதுதான். தலைவர் ஊருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர், துணைத்தலைவர் உறுப்பினர்களின் ஆள் என்பதைப் பிள்ளைகள் இந்தப் பத்து நிமிடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வாக்காளர்கள். அவர்களுக்கு இரண்டாம் நாள் வேலை இருக்கிறது.

அட்டை எழுதுவதில்தான் நுட்பம் இருக்கிறது. முதல் வருடம் நான் 'நீ கோபக்கார உறுப்பினர்', 'நீ நல்ல தலைவர்' என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டம் சினிமாப் பஞ்சாயத்து ஆகிவிட்டது. தலைவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தீர்ப்பு சொன்னார், மற்றவர்கள் கைதட்டினார்கள். அட்டையில் குணத்தை எழுதினால் நடிப்புத்தான் வரும். இப்போது ஒவ்வோர் அட்டையிலும் நான்கே வரிகள்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், எனக்கு மட்டும் என்ன தெரியும், என்னால் எது முடியாது. மூன்றாவதும் நான்காவதும்தான் கூட்டத்தை ஓட்டுகின்றன.

செயலர் அட்டை இப்படி இருக்கும்:

*நீங்கள் ஊராட்சிச் செயலர். பதிவேடுகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது உங்கள் கவலை. நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் செலவிடக்கூடிய பணம் 1,10,000 ரூபாய்; பொதுநிதியில் 60,000 ரூபாய் இருக்கிறது. உங்களுக்கு வாக்கு கிடையாது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.*

டேங்க் ஆபரேட்டர் அட்டை:

*நீங்கள் தண்ணீர் திறந்துவிடுபவர். மோட்டார் சீக்கிரம் ஓட வேண்டும். தினமும் உங்களைத்தான் திட்டுகிறார்கள். இதே மோட்டாருக்கு இந்த வருடத்திலேயே இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. பேனல் போர்டில் கோளாறு. அதை மாற்றாமல் புது மோட்டார் போட்டாலும் எரியும். நீங்கள் உறுப்பினர் இல்லை. கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம்.*

செயலர் அட்டையில் உள்ள இரண்டு கணக்குகள் கற்பனை அல்ல, தொகைகள்தான் பாடத்துக்காகப் போட்டவை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு வேலைகளுக்கென்றே கட்டப்பட்டது. அந்தப் பணத்தில் தெருவிளக்கு போட முடியாது. ஊராட்சியில் 'பணம் இருக்கிறதா' என்ற கேள்வி எப்போதும் பாதிக் கேள்விதான். 'எந்தக் கணக்கில்' என்பதும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி.

கூட்டத்துக்கு முன்பு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, பொருள் நிரலோடு அழைப்பு அறிக்கை. மூன்று நாள் முன்பே உறுப்பினர்கள் கையொப்பமிட்டு வாங்க வேண்டும். கூட்டத்தன்று யாராவது 'எங்க தெருவுல கூட...' என்று ஆரம்பித்தால், நிரலில் இருக்கிறதா என்று செயலர் பார்த்துச் சொல்வார். இன்னொன்று, நாற்காலி. எல்லா உறுப்பினருக்கும் ஒரே உயர நாற்காலி, வட்டமாக. இது அழகுக்காக அல்ல. 2020-இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி வழக்கானது. யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் உள்ளாட்சிப் பாடம்தான்.

தலைவர் பெண்ணாக இருந்தால் இன்னோர் அட்டையையும் ரகசியமாக ஒரு பையனிடம் கொடுப்பேன்: 'நீங்கள் தலைவரின் கணவர். உங்களுக்கு எந்தப் பதவியும் இல்லை. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரைக் கேட்பதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.' எந்த உறுப்பினர் எத்தனையாவது நிமிடத்தில் 'நீங்க யாரு?' என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்வேன். ஒரு வருடம் கூட்டம் முடியும்வரை யாருமே கேட்கவில்லை. அதைப் பற்றிப் பேசவே அடுத்த பீரியட் சரியாகப் போயிற்று.

சரி, செயலரைக் கேட்கத் தெரிந்துகொண்ட பிறகு நடந்த மறுகூட்டத்தைப் பார்ப்போம். பத்துப் பேரில் ஒருவர் வரவில்லை. கையொப்பங்களை எண்ணிக் கோரம் இருக்கிறது என்றார் செயலர். பொருள் ஒன்று, மோட்டார். கணக்கு எது என்று முதல் கேள்வியே வந்துவிட்டது. ஒரு பெண் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிடச் சொன்னாள். பேனல் போர்டு விஷயம் வெளியே வந்தது. அதற்கு 12,000 சேர்த்து 82,000 ரூபாய், குடிநீர்க் கணக்கிலிருந்து. ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக முடிந்தது.

பொருள் இரண்டில்தான் உண்மையான மோதல். விளக்குக்கு 48,000. எட்டாவது வார்டில் இடிந்த சிறுபாலத்துக்கு 55,000. இரண்டும் பொதுநிதியில்தான் வரும். அங்கே இருப்பதோ 60,000. இங்கே யார் பக்கம் நியாயம் என்று தேடிப் பயனில்லை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓர் உறுப்பினர் விளக்கை ஆறாகக் குறைக்கலாம் என்றார். அப்போது விளக்குக்கு 24,000, மீதி 36,000. பாலம் கட்ட அது போதாது. எட்டாவது வார்டு உறுப்பினர் தன் அட்டையை மறுபடி படித்தார்: 'சிமெண்ட் குழாய் பதித்து மண் கொட்டினால் 30,000-இல் இரண்டு மழைக்காலம் தாங்கும்.' அதை அவர் அதுவரை வெளியே சொல்லவில்லை. சொன்னால் புதுப் பாலம் கிடைக்காதே! பேரம் பேசுபவர் கையில் இருப்பதை எப்போது காட்டுவது என்பதையும் அந்தப் பையன் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டிருந்தான். ஆறு விளக்கும் குழாயும் சேர்த்து 54,000. கை தூக்கியவர்கள் ஐந்து, எதிர்த்தவர்கள் நான்கு. நிறைவேறியது.

பேச்சு முடிந்தது. இனி எழுத்து. செயலர் முதலில் பதிவேட்டில் எழுதியது இது: 'தெருவிளக்கு போடவும் பாலம் சரிசெய்யவும் தீர்மானிக்கப்பட்டது.' நான் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கூட்டத்துக்கு வராத உறுப்பினரைக் கூப்பிட்டு, என்ன முடிவானது என்று கேட்டேன். எத்தனை விளக்கு, எந்த வார்டு, எந்தப் பாலம், எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. வகுப்பே சேர்ந்து திருத்தியது:

*பொருள் 2. இரண்டாவது வார்டுச் சாலையில் ஆறு எல்.இ.டி. விளக்குகள் ரூ. 24,000 மதிப்பிலும், எட்டாவது வார்டு சிறுபாலம் இருந்த இடத்தில் சிமெண்ட் குழாய் ரூ. 30,000 மதிப்பிலும் பொதுநிதியிலிருந்து அமைக்க மன்றம் தீர்மானிக்கிறது. ஆதரவு 5, எதிர்ப்பு 4.*

எதிர்த்தவர்கள் தங்கள் பெயரும் வேண்டும் என்றார்கள். அதுவும் ஏறியது. தோற்றவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு வரி கிடைப்பதால்தான் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தீர்மானம் போட்டதும் விளக்கு எரிந்துவிடாது. ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், வேலையை அளந்து எழுத வேண்டும், பிறகுதான் பணம். அந்தப் பணத்தை விடுவிக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையொப்பமும் தேவை. எதிர்த்து வாக்களித்த நால்வரில் துணைத்தலைவரும் ஒருவர். 'நான் போட மாட்டேன்' என்று பேனாவைப் பையில் வைத்துக்கொண்டார். பல ஊர்களில் வேலை மாதக்கணக்கில் நிற்பது இந்த இடத்தில்தான். ஒரு கையொப்பத்தைக் காவலாக வைத்தால் திருட்டு குறையும், கூடவே முட்டுக்கட்டைக்கும் வழி பிறக்கும். இதற்கு என்ன செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கிராம சபை. முதல் நாள் சும்மா இருந்த வாக்காளர்கள் எல்லாரும் இப்போது உறுப்பினர்கள். மன்றம் பத்துப் பேர் என்றால் சபை ஊர் முழுக்க. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் 50 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். மூவாயிரம் வரை என்றால் 100. பத்தாயிரம் வரை 200. அதற்கு மேல் 300.

செயலர் தீர்மானத்தைப் படித்தார். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஆறு விளக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏன் இன்னும் ஒண்ணும் எரியல?"

தலைவர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.