பன்னிரண்டாயிரமா, பன்னிரண்டரையா?

பாரிஸ் அலுவலகத்துக்குப் பட்ஜெட் மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு யூரோ என்பதை 12,500 என்று எழுதிவிட்டால், அங்கே அது பன்னிரண்டரை யூரோ! பிரெஞ்சில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. பிரெஞ்சு அமைப்பில் உள்ள எக்செல்லும் அதை 12,5 என்றே எடுத்துக்கொள்ளும். பிழை என்று எச்சரிக்காது. கூட்டுத்தொகை திடீரென்று சுருங்கினால்தான் சந்தேகமே வரும்.

ஆயிரத்தைப் பிரிக்க அவர்கள் இடைவெளி விடுவார்கள்: 12 500 €. ஐம்பது சென்ட் சேர்ந்தால் 12 500,50 €. யூரோ குறி கடைசியில், அதற்கு முன்னும் ஓர் இடைவெளி. நம் லட்சக் கணக்குப் பழக்கத்தில் 1 25 000 என்று பிரித்துவிடாதீர்கள். வலப்பக்கமிருந்து மும்மூன்றாக, 125 000.

இந்த இடைவெளியில் ஒரு சிக்கல் உண்டு. வரி முடியும் இடத்தில் 12 மேலேயும் 500 கீழேயும் பிரிந்து நிற்கும். அதைத் தடுக்க, வேர்டில் Ctrl+Shift+Space அழுத்தினால் உடையாத இடைவெளி விழும். எக்செல்லில் எண்ணை இடைவெளி இல்லாமல் தட்டுவதே நல்லது. ஆயிரப் பிரிப்பு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இடைவெளியை அது பார்த்துக்கொள்ளும்.

அதே மின்னஞ்சலில் குறிப்பிடும் கூட்ட நேரம் பிற்பகல் இரண்டரை என்றால் 14 h 30. தேதியில் நமக்குச் சிரமமில்லை, நாள்தான் முதலில்: vendredi 7 mars 2025. நடுவே காற்புள்ளி வேண்டாம், மாதப் பெயருக்குப் பெரிய எழுத்தும் வேண்டாம். மாதத்தின் முதல் நாளுக்கு மட்டும் 1er. இரண்டாம் தேதியிலிருந்து வெறும் எண் போதும்.