கிரியேட்டின் எடுப்பவர்கள் கவனத்துக்கு

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல. நம் உடலே தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் தயாரிக்கிறது. கறியிலும் மீனிலும் இருக்கிறது. கனமான செட்டில் தசைக்குச் சட்டென்று வேண்டிய சக்தியை மீட்டுத் தர உதவுகிறது, அவ்வளவுதான்.

நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். சாதாரண மோனோஹைட்ரேட்டையே வாங்குங்கள். விலை கூடிய வகைகள் அதைவிடச் சிறந்தவை என்று நிரூபணமாகவில்லை. டப்பாவில் வரும் ஸ்கூப் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. ஒருமுறையாவது சின்ன எடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் எடுக்கும் 'லோடிங்' கட்டாயமில்லை. தினமும் 5 கிராம் எடுத்தாலே மூன்று, நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும். ஒரே வேளையில் நிறைய எடுத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். தண்ணீரில் கலந்தவுடன் குடித்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். அது பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர், கொழுப்பு அல்ல.

பலரையும் பயமுறுத்துவது ரத்தப் பரிசோதனை. கிரியேட்டின் சிதைந்தால் கிரியாட்டினின் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க லேப்பில் அளப்பதும் இதைத்தான். ஒரு இளைஞர் தினமும் 5 கிராம் எடுக்கிறார், முந்தின நாள் காலுக்குக் கடுமையாக ஒர்க்அவுட் செய்துவிட்டு மாஸ்டர் செக்கப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.4 என்று சற்றுக் கூடுதலாக வருகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தும் இப்படி வரலாம். ஆனால் 'கிரியேட்டினால்தான்' என்று அவரே முடிவுகட்டி ரிப்போர்ட்டை மடித்து வைக்கக் கூடாது. நிஜமான பாதிப்பாகவும் இருக்கலாம். எவ்வளவு எடுக்கிறார், எத்தனை நாளாக எடுக்கிறார் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். தசை அளவு அதிகம் பாதிக்காத சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் எழுதித் தரலாம். ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை கிரியாட்டினின் பார்த்து வைத்திருந்தால் ஒப்பிட எளிது. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், சர்க்கரை அல்லது பிரஷருக்கு மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையை அடிக்கடி போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 18 வயது நிரம்பாதவர்களும் அப்படியே.

கடுமையான பயிற்சிக்குப் பின் தசை தாங்க முடியாமல் வலித்து வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, மிகவும் குறைந்தாலோ அது தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம். ஒர்க்அவுட்டையும் பவுடரையும் நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.