வெளியே நிற்கும் செக்குகளும் கணக்கை மூடும் கடிதமும்

தொழிலுக்காகத் தொடங்கிய நடப்புக் கணக்கை மூட ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அதை அவசரத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்கறிஞரைத் தேடிப் போனவர்கள் உண்டு. காரணம், ஏற்கெனவே கையெழுத்திட்டு யாரிடமோ கொடுத்துவைத்த செக்.

கணக்கு மூடப்பட்ட பிறகு அந்த செக் வங்கிக்கு வந்தால், 'கணக்கு மூடப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பும். பணம் இல்லாமல் திரும்பினால்தானே குற்றம், கணக்கே இல்லையென்றால் என்ன என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். நெப்சி மைக்கான் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கணக்கை மூடுவதும் அதில் பணம் இல்லாமல் செய்வதுதான், ஆகவே செலாவணி முறிச்சட்டத்தின் 138-ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும் என்றது. அந்தப் பிரிவில் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓர் உதாரணம். திருப்பூரில் பனியன் தைக்கும் கூட்டு நிறுவனம், பங்குதாரர்கள் இருவர். பழைய வங்கிக் கணக்கில் 2,14,000 ரூபாய் இருக்கிறது. நூல் கடைக்குக் கொடுத்த 48,000 ரூபாய் செக்கும், சாயப்பட்டறைக்குக் கொடுத்த 26,500 ரூபாய் செக்கும் இன்னும் வங்கிக்கு வரவில்லை. செக் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நூல் கடைக்காரர் செக்கைப் போட்டுவிடுகிறார். பட்டறைக்காரரோ மேசை டிராயரில் வைத்துக்கொண்டே இருக்கிறார். செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்றாலும், அதுவரை காத்திருப்பதைவிடப் புதுக் கணக்கிலிருந்து அவருக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, செக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது மேல். இப்போது பழைய கணக்கில் மிச்சம் 1,66,000 ரூபாய்.

அடுத்தது தானாகப் போகும் பணம். குடோன் வாடகைக்கு வங்கியிடமே நிலையுத்தரவு கொடுத்திருந்தால், அதை ரத்துசெய்யும்படி கடிதத்தில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. மெஷின் கடன் தவணை அப்படியல்ல. அதற்கான நாச் மேண்டேட்டைக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறோம். பணம் கேட்டு வருவதும் அந்த நிறுவனம்தான். முதலில் அங்கே புதுக் கணக்கின் மேண்டேட்டைப் பதிவுசெய்ய வேண்டும். முதல் தவணை புதுக் கணக்கிலிருந்து போனதைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதை மூடலாம். உள்ளே வரும் பணத்துக்கும் இதே விதிதான். கடை வாசலில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கர், ஜிஎஸ்டி பதிவில் உள்ள வங்கி விவரம் இரண்டையும் மாற்றிவிட வேண்டும்.

இனி கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கிளை மேலாளருக்கு எழுதுவது வழக்கம். அன்றாடச் செக்கில் ஒருவர் கையெழுத்தே போதும் என்று ஏற்பாடு இருந்தாலும், மூடும்போது வங்கிகள் பொதுவாக எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தையும் கேட்கும். ரப்பர் ஸ்டாம்பும் வேண்டும். கையெழுத்து, வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனியாக இருந்தால் இயக்குநர் குழுவின் தீர்மான நகலை இணைக்க வேண்டியிருக்கும்.

நம் பனியன் நிறுவனத்தார் இப்படி எழுதலாம்: "எங்கள் நடப்புக் கணக்கை மூடும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் கட்டணங்கள் போக மீதமுள்ள தொகை முழுவதையும் எங்கள் நிறுவனத்தின் பெயரில் உள்ள கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும். பயன்படுத்தாத செக் இலைகள் 000389 முதல் 000400 வரை, மொத்தம் 12, இத்துடன் ஒப்படைக்கிறோம். 000372 எழுதும்போது கெட்டுப்போனது; அதையும் இணைத்துள்ளோம். இந்தக் கணக்கில் உள்ள நிலையுத்தரவுகள் அனைத்தையும் ரத்துசெய்யவும்."

1,66,000 என்று எண்ணைக் குறிப்பிடாமல் 'முழுவதையும்' என்று எழுதியதைக் கவனியுங்கள். மூடும் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் கழிந்தால் தொகை மாறும். எண் பொருந்தாவிட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கக்கூடும். பணம் போக வேண்டியதும் நிறுவனத்தின் பெயருக்கே. ஒரு பங்குதாரரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் வங்கியும் தயங்கும், பின்னால் கணக்குத் தணிக்கையாளரும் கேள்வி கேட்பார். செக் இலைகளைக் குறுக்கே கோடிட்டு, கையெழுத்து விழும் மூலையைக் கத்தரித்துக் கொடுப்பது பாதுகாப்பு. தொலைந்த இலை இருந்தால் அதன் எண்ணை எழுதி, பணம் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தின் நகலில் தேதியோடு வங்கியின் முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம். சில நாளில், இருப்பு பூஜ்யம் என்று காட்டும் கடைசி ஸ்டேட்மெண்டையும் மூடியதற்கான சான்றையும் கேட்டு வாங்கலாம். பழைய ஸ்டேட்மெண்டுகளை மட்டும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது; மூடிய பிறகு இணைய வங்கி திறக்காது. ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது.