துணையில்லாத எண்

மென்பொருள் வேலைக்கான இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. ஒரு பட்டியலில் எல்லா எண்களும் இரண்டு முறை வருகின்றன, ஒன்று மட்டும் ஒரே முறை. அது எது? லீட்கோட் தளத்தில் இது 136-ஆவது கேள்வி. 5, 3, 5, 9, 3 என்று கொடுத்தால் பார்த்தவுடனே 9 என்று சொல்லிவிடலாம். பத்து லட்சம் எண்கள் என்றால்? பார்த்த எண்களையெல்லாம் குறித்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் அதற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். "கூடுதல் இடம் கிடையாது, பட்டியலை ஒரே முறைதான் படிக்கலாம்" என்று கேட்பவர் கையைக் கட்டிப்போட்டுவிடுவார்.

கணினிக்குள் 5 என்பது 0101. இடமிருந்து 8, 4, 2, 1 என்று நான்கு இடங்கள். 1 இருக்கும் இடங்களைக் கூட்டினால், 4 + 1, ஐந்து. இந்த நான்கு இடங்களையும் நான்கு விளக்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாம் அணைந்திருக்கின்றன. ஒவ்வொரு எண் வரும்போதும் அதில் 1 உள்ள இடத்து சுவிட்சை ஒரு தட்டு தட்ட வேண்டும். எரிகிற விளக்கு அணையும், அணைந்தது எரியும். இதுதான் எக்ஸார். நிரலில் `^` என்ற குறி.

```
        0000
5 (0101) → 0101
3 (0011) → 0110
5 (0101) → 0011
9 (1001) → 1010
3 (0011) → 1001
```

கடைசியில் எரிவது 1001, அதாவது 9. இடையே வந்த எண்களுக்குத் தனியாக அர்த்தம் தேட வேண்டாம். ஒரே எண் இரண்டாம் முறை வரும்போது தான் தட்டிய சுவிட்சுகளையே திரும்பத் தட்டுவதால், தான் செய்ததைத் தானே அழித்துவிடுகிறது. எந்த வரிசையில் வந்தாலும் கணக்கு மாறாது.

மனப்பாடம் செய்து வந்தவர் இதுவரை தப்பித்துவிடுவார். அடுத்த கேள்விதான் பொறி: "மற்ற எண்கள் மூன்று முறை வந்தால்?" 5, 5, 5, 9 என்ற பட்டியலை அதே வழியில் போட்டால் 12 வருகிறது. பட்டியலிலேயே இல்லாத எண்! மூன்று தட்டும் ஒரு தட்டும் விளக்குக்கு ஒன்றுதான் என்பதால் 5 அழியாமல் நின்று 9-உடன் கலந்துவிட்டது.

சுவிட்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை 1 விழுந்தது என்று எண்ணினால் வழி திறக்கும். 8-இன் இடத்தில் 1, 4-இன் இடத்தில் 3, 2-இன் இடத்தில் 0, 1-இன் இடத்தில் 4. ஒவ்வொன்றையும் மூன்றால் வகுத்து மீதியை எடுத்தால் 1, 0, 0, 1. மறுபடியும் 9. மூன்று முறை வந்த எண் எந்த இடத்திலும் மூன்று மூன்றாகத்தான் சேரும், மீதி வைக்காது. எக்ஸார் செய்ததும் இதே வேலைதான், அங்கே வகுத்தது இரண்டால்.

எண்ணுவது என்று வந்துவிட்டால் இன்னொரு பழைய கேள்வியும் கூடவே வரும்: ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கின்றன? 32 இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல், 1 இருக்கும் அளவுக்கு மட்டும் சுற்ற ஒரு வழி உண்டு.

```python
c = 0
while n:
    n = n & (n - 1)
    c += 1
```

பள்ளியில் 1000-இலிருந்து 1 கழித்தது நினைவிருக்கிறதா? கடைசிச் சுழிகளெல்லாம் 9 ஆகி, கடன் கொடுத்த 1 போய்விடும். இரும எண்ணிலும் அதே கதை. 44 என்பது 101100. ஒன்றைக் கழித்தால் 101011. வலது ஓரத்து 1 சுழியாகி, அதன் வலப்பக்கச் சுழிகள் 1 ஆகிவிட்டன. `&` குறி இரண்டிலும் 1 உள்ள இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது 101000. வலது ஓரத்து 1 மட்டும் உதிர்ந்தது. அடுத்த சுற்றில் 100000, அதற்கடுத்து 0. மூன்று சுற்று, மூன்று 1.

இதைப் பலரும் பிரையன் கெர்னிகன் முறை என்பார்கள். அவரும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலின் 1988 பதிப்பில் இது ஒரு பயிற்சிக் கணக்கு. ஆனால் பீட்டர் வெக்னர் 1960-லேயே இதை வெளியிட்டுவிட்டார்.

பைத்தானில் இதற்கு எதிர்ம எண்ணைக் கொடுத்தால் நிரல் நிற்கவே நிற்காது. அங்கே எதிர்ம எண்ணின் இடப்பக்கம் 1-கள் முடிவில்லாமல் நீள்வதாகக் கணக்கு. ஒவ்வொன்றாக உதிர்த்தாலும் தீராது. `n & 0xFFFFFFFF` என்று முதலில் 32 பிட்டுக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும்.

இதே வரியை வைத்து இன்னொன்றும் கேட்பார்கள்: ஓர் எண் 1, 2, 4, 8 என்ற இரட்டிப்பு வரிசையில் உள்ளதா? அந்த எண்களில் ஒரே ஒரு 1 தான் இருக்கும், ஒரு முறை உதிர்த்தால் சுழியாகிவிடும். அதனால் `(n & (n - 1)) == 0` என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், கேட்பவர் 0-ஐக் கொடுப்பார். உதிர்க்க ஒரு 1 கூட இல்லாத அதுவும் தேறிவிடும். `n > 0` என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால்தான் விடை முழுமை.