கடல் கடந்த கணக்கு – 7: ஒரே கன்டெய்னர், இரண்டு அடக்க விலை

நிங்போ துறைமுகத்திலிருந்து சென்னைக்கு இருபது அடி கன்டெய்னர் ஒன்று வருகிறது. கோவையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் வரவழைக்கும் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 3,000 ஸ்பேனர் செட்டும், 2,000 காலி பிளாஸ்டிக் டூல் பாக்ஸும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஒன்று 4 டாலர். கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் வரையிலான எப்.ஓ.பி. விலை அது. மொத்தம் 20,000 டாலர்.

வாங்கிய விலை ஒன்றுதான் என்பதால் கோவை குடோனில் இறங்கும்போதும் இரண்டின் அடக்க விலையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பலர் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஸ்பேனர் விற்காமல் தேங்குவதும், டூல் பாக்ஸ் பறந்து பறந்து விற்றும் கையில் பணம் நிற்காமல் போவதும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் சரக்கின் விலையை ரூபாய்க்கு மாற்றுவோம். எந்த ரேட்டில்? இந்த ஒரு கன்டெய்னருக்கே மூன்று விதமான டாலர் ரேட் வருகிறது. ஆர்டர் கொடுத்தபோது 30 சதவீதம் முன்பணம் போனது. வங்கிக் கட்டணமும் சேர்த்து அன்று டாலர் 88 ரூபாய். சரக்கு கப்பலேறிய பிறகு மீதி 70 சதவீதத்தை அனுப்பியபோது 91 ரூபாய். ஆக, 6,000 டாலருக்கு 5,28,000 ரூபாயும், 14,000 டாலருக்கு 12,74,000 ரூபாயும் கைவிட்டுப் போயிருக்கின்றன. மொத்தம் 18,02,000. சராசரியாக டாலருக்கு 90 ரூபாய் 10 காசு. சரக்கின் விலைக்கு இந்தச் சராசரிதான் சரியான ரேட். பில் போட்ட நாளில் செய்தித்தாளில் வந்த ரேட்டை எழுதுவது தவறு.

இரண்டாவது, சுங்கத்துறையின் ரேட். அதைத் துறையே குறிப்பிட்ட இடைவெளியில் அறிவிக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுதான் செல்லும். நாம் வங்கியில் என்ன கொடுத்தோம் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. இந்தச் சரக்குக்கு 90 ரூபாய் என்று கொள்வோம். மூன்றாவது, கப்பல் கூலிக்கான ரேட். கப்பல் கம்பெனியோ பார்வர்டரோ டாலர் கூலியை ரூபாயாக்கும்போது தங்களுக்கென ஒரு ரேட் வைத்திருப்பார்கள். வங்கி ரேட்டைவிட அது கூடுதலாகவே இருக்கும். கூலி 1,200 டாலர், அவர்கள் ரேட் 93 என்றால் நாம் கட்டுவது 1,11,600 ரூபாய்.

அடுத்து சுங்க வரி. வரி எப்.ஓ.பி. விலைமேல் மட்டும் விழுவதில்லை. கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் சேர்த்த மதிப்பின்மேல்தான் விழுகிறது. காப்பீட்டு பிரீமியம் 2,700 ரூபாய். 21,200 டாலரைச் சுங்க ரேட்டில் பெருக்கி இதைச் சேர்த்தால் மதிப்பு 19,10,700 ரூபாய். இரண்டு சரக்குக்கும் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,91,070 ரூபாய். அந்த வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 19,107 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,10,177 ரூபாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூலிக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரம் காட்ட முடியாவிட்டால், 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள்படி எப்.ஓ.பி. விலையில் 20 சதவீதம் கப்பல் கூலியாகவும், 1.125 சதவீதம் காப்பீடாகவும் எடுத்துக்கொள்ளப்படும். அப்படியானால் 1,200 டாலர் கூலி காகிதத்தில் 4,000 டாலராகிவிடும். வரி மட்டும் ஏறத்தாழ 29,650 ரூபாய் கூடும். பார்வர்டரின் கூலி பில்லும் காப்பீட்டுச் சான்றும் பில் ஆஃப் என்ட்ரி போடும் முன்பே கிளியரிங் ஏஜென்ட் கையில் இருந்தால் இந்தப் பணம் மிச்சம்.

வரியும் சேர்ந்த மதிப்பின்மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என்றால் 3,81,758 ரூபாய். துறைமுகத்தில் கட்டும் தொகைகளில் இதுதான் பெரியது. ஆனால் முறையான ஜி.எஸ்.டி. பதிவு வைத்து, வரிவரவு எடுக்கக்கூடியவருக்கு இது செலவல்ல. விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதை அடக்க விலையில் ஏற்றினால் ஒரு பொருளுக்கு 76 ரூபாய் வீண் பாரம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு வரிவரவு கிடையாது, அவருக்கு அது முழுச் செலவு. அடிப்படைச் சுங்க வரியும் கூடுதல் வரியும் யாருக்குமே ஜி.எஸ்.டி. வரவாகத் திரும்பாது. முன்பணமாக வேண்டியது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தாளில் இரண்டு பத்திகளாக எழுதுவதே நல்லது.

மிச்சம் இருப்பவை துறைமுகக் கையாளும் கட்டணம், டெலிவரி ஆர்டர், சி.எப்.எஸ். கூலி, ஏஜென்ட் கட்டணம், கோவைக்கு லாரி வாடகை. ஜி.எஸ்.டி. நீக்கி எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் என்போம்.

மொத்தம் 22,16,477 ரூபாய். 5,000 உருப்படியால் வகுத்தால் ஒன்றுக்கு 443 ரூபாய் 30 காசு. கூட்டலில் பிழையே இல்லை. வகுத்த விதம்தான் தவறு.

கன்டெய்னரில் அடைத்திருக்கும் சரக்கு 24 கன மீட்டர். ஸ்பேனர் அதில் 6 கன மீட்டரில் அடங்கிவிடும். காலி டூல் பாக்ஸ் 18 கன மீட்டரைப் பிடித்துக்கொள்கிறது. கப்பலுக்கும் லாரிக்கும் நாம் கொடுத்த கூலி இந்த இடத்துக்கான கூலி. எனவே கப்பல் கூலியையும் உள்ளூர்ச் செலவையும் சேர்த்த 2,01,600 ரூபாயில் கால் பங்கு ஸ்பேனருக்கு, முக்கால் பங்கு டூல் பாக்ஸுக்கு. ஒரு செட்டுக்கு 16 ரூபாய் 80 காசு. ஒரு பாக்ஸுக்கு 75 ரூபாய் 60 காசு. வரியும் காப்பீடும் மதிப்பைப் பொறுத்தவை, ஆகவே அவற்றை விலை விகிதத்தில் பிரிக்க வேண்டும். இங்கே விலை ஒன்றுதான் என்பதால் இரண்டுக்கும் 42 ரூபாய் 58 காசு. சரக்கின் விலை 360 ரூபாய் 40 காசு. கூட்டினால் ஸ்பேனர் செட்டின் அடக்கம் 419 ரூபாய் 78 காசு, டூல் பாக்ஸின் அடக்கம் 478 ரூபாய் 58 காசு.

இரண்டையும் 475 ரூபாய்க்கு விற்பவர் ஒவ்வொன்றிலும் 32 ரூபாய் லாபம் என்று நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் ஒவ்வொரு டூல் பாக்ஸிலும் மூன்றரை ரூபாய் போகிறது. பக்கத்துக் கடைக்காரர் ஸ்பேனரை 455-க்குக் கொடுப்பதால் இவருடைய ஸ்பேனர் அலமாரியில் தூங்குகிறது. நஷ்டம் தரும் பொருள் நன்றாக ஓடுவதால் அடுத்த ஆர்டரில் அதையே கூட்டிப் போடுவார். இப்படிப்பட்ட கணக்கை அடையாளம் காண எளிய வழி, ஒரே பில்லில் வந்த பருமனான சரக்குக்கும் அடர்த்தியான சரக்குக்கும் செலவுச் சதவீதம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்றாக இருந்தால் யாரோ எல்லாச் செலவையும் விலைப்படியே பகிர்ந்திருக்கிறார்கள். டைல்ஸ் போல இடம் நிரம்பும் முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடும் சரக்குகளை ஏற்றினால் மட்டும் கன அளவுக்குப் பதில் எடையைக் கொண்டு பிரிக்க வேண்டும்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் தேவை. 2,000 பாக்ஸில் 40 உடைந்து வந்து, காப்பீட்டிலும் ஈடு கிடைக்காவிட்டால், செலவு முழுவதையும் மீதி 1,960 பாக்ஸ்தான் சுமக்க வேண்டும். அடக்கம் 488 ரூபாயைத் தாண்டிவிடும். இலவச நாட்கள் கடந்து கன்டெய்னர் கிடந்ததற்கான டெமரேஜை மட்டும் இதில் கலக்காமல் தனி வரியில் எழுதச் சொல்வேன். அது அந்த ஒரு தடவை நேர்ந்த தாமதத்தின் செலவு. கலந்துவிட்டால் அடுத்த கன்டெய்னருக்கு விலை சொல்லும்போது பழைய தாளைப் பார்த்து எழுதிய எண்ணில் அதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அதே காரணத்தால்தான் ஒரு சரக்குக்கு இரண்டு தாள் வேண்டும் என்கிறேன். ஒன்று ஆர்டர் கொடுக்கும் முன் போடும் மதிப்பீடு. மற்றொன்று லாரி இறங்கி, பில்கள் எல்லாம் வந்தபின் போடும் உண்மைக் கணக்கு. முதல் தாளில் டாலரை அன்றைய ரேட்டைவிட இரண்டு ரூபாய் கூட்டி வைத்து இன்னொரு முறை பெருக்கிப் பாருங்கள். நம் கணக்கில் சரக்கு, கூலி, வரி மூன்றிலும் அந்த இரண்டு ரூபாய் ஏறி, ஒரு பொருளுக்குச் சுமார் ஒன்பதரை ரூபாய் கூடும். லாபமே பதினைந்து ரூபாய்தான் என்றால் அந்த ஆர்டரைக் கொடுக்கும் முன் வங்கியில் பார்வர்டு ரேட் கேட்டுவிடுவது நல்லது.

(அடுத்த வாரம்: எச்.எஸ். கோடு தவறினால் என்ன ஆகும்?)