கடைசி இருக்கை யாருக்கு?

சென்னையிலிருந்து டெல்லிக்கு நான்கு பேருக்கு டிக்கெட் தேடுகிறீர்கள். தலைக்கு 6,200 ரூபாய் என்கிறது திரை. அதே விமானத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தேடினால் 5,000 ரூபாய் என்கிறது. இது ஏமாற்று வேலை அல்ல.

விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், கணினி அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 5,000 ரூபாய் படியில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், நான்கு பேரையும் சேர்த்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதே வழக்கம். இரண்டிரண்டாகப் பதிந்தால் இங்கே 2,400 ரூபாய் மிச்சமாகும். ஆனால் பி.என்.ஆர். எண் இரண்டாகிவிடும். விமானம் ரத்தானால் குடும்பத்தில் பாதிப் பேரை வேறொரு விமானத்தில் ஏற்றிவிடக்கூடும்.

எந்தப் படியில் எத்தனை இடம் என்பதற்கு, பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் இருந்த லிட்டில்வுட் 1972இல் ஒரு விதி சொன்னார். கடைசி நேரத்தில் 12,500 ரூபாய் கொடுத்து ஏறுபவர்கள் சிலர் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஐம்பதாவது ஆள் வர 50 சதவீத வாய்ப்பு இருந்தால், அந்த இருக்கையின் எதிர்பார்ப்பு மதிப்பு 6,250 ரூபாய். இன்றே 5,000 ரூபாய்க்கு விற்பது நஷ்டம், காத்திருக்கலாம். அறுபதாவது ஆள் வரும் வாய்ப்பு 30 சதவீதம்தான் என்றால் மதிப்பு 3,750 ரூபாய். அதை இன்றே தள்ளிவிடுவதுதான் லாபம். இன்றைய மென்பொருள்கள் பெரிதாக வளர்ந்துவிட்டாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

பதிவு எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தால் கீழ்ப்படிகள் மூடப்படும்; மந்தமானால் மீண்டும் திறக்கும். காலையில் ஏறிய விலை மாலையில் இறங்குவது இதனால்தான். நாம் திரும்பத் திரும்பத் தேடுவதைப் பார்த்து விலையை ஏற்றுகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடைத்ததில்லை. தேடல் தளங்கள் சற்று முன் சேமித்து வைத்த பழைய விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டப்போகும்போது புதிய விலையைச் சொல்வதும் உண்டு.

அப்படியானால் எப்போது வாங்குவது? ஆறேழு மாதம் முன்பே பாய்ந்து வாங்கினால் மலிவு என்பதில்லை. அப்போது நிறுவனத்துக்கு விற்கும் அவசரம் இல்லை. உள்நாட்டுப் பயணத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் முன்பு, வெளிநாட்டுக்கு இன்னும் சற்று முன்கூட்டி என்பது பொதுவாகச் சரிவரும். பல சலுகைக் கட்டணங்கள் 21, 14, 7 நாள் எல்லைகளில் காலாவதியாகும் என்பதால், அந்த நாட்களைத் தாண்டவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை பதிந்தால் மலிவு என்பதை நான் நம்புவதில்லை. செவ்வாய், புதன் கிழமைகளில் பறந்தால் பெரும்பாலும் மலிவு.

தீபாவளி, பொங்கல் கணக்கு வேறு. கூட்டம் வரும் என்று கணினிக்கு முன்பே தெரியும். கீழ்ப்படிகளை மிகக் குறைவாகவே திறந்து வைக்கும். அங்கே விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது வீண். பயண நாளை இரண்டு நாள் முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.